மூன்று சுவிட்ச், ஒரு பல்பு, ஒரே ஒரு முறைதான் மேலே ஏற முடியும்: எல்.இ.டி. பல்பில் இது நடக்குமா?

அந்திமழை | வெள்ளி, காலை 9.10

சிறு வயதில் எல்லோரும் கேட்ட புதிர்தான். வெளியே மூன்று சுவிட்சுகள், உள்ளறையில் ஒரு பல்பு, அறைக்குள் ஒரே ஒரு முறைதான் போகலாம், எந்தச் சுவிட்ச் என்று சொல்ல வேண்டும். எனக்கு இது இப்போது புதிராக இல்லாமல் வீட்டு வேலையாகவே வந்துவிட்டது.

நாங்கள் புதிதாகக் குடிவந்த வீட்டில் கீழ்ப்படிக்கட்டு ஓரம் ஒரு பழைய போர்டு இருக்கிறது. அதில் மூன்று சுவிட்சுகள். அவற்றில் ஒன்று இரண்டாம் மாடியில் தகரக் கூரை போட்ட சாமான் அறையின் பல்புக்கு என்று வீட்டுக்காரர் சொன்னார். எது என்று அவருக்கும் தெரியவில்லை. மற்ற இரண்டும் எதற்கு என்பதும் தெரியாது, போட்டாலும் அணைத்தாலும் கீழே எதுவும் மாறவில்லை. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, கதவு எப்போதும் மூடியே இருக்கும். எனக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம்தான் ஆகிறது. மேலே ஏற இரண்டு நிமிடம் பிடிக்கிறது, ஒரு நாளுக்கு ஒரு முறைக்கு மேல் ஏறக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். பகலில் வீட்டில் நான் மட்டும்தான்.

நேற்று மதியம் தெரிந்த விடையையே செய்துபார்த்தேன். இடது சுவிட்சை 5 நிமிடம் போட்டு வைத்து அணைத்தேன். நடுச் சுவிட்சைப் போட்டுவிட்டு மேலே ஏறினேன். பல்பு எரியவில்லை. தொட்டுப் பார்த்தேன். சுடுகிறதா, இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 9 வாட் எல்.இ.டி. பல்பு. நான் எங்கே தவறினேன்?

செவ்வாழை | வெள்ளி, காலை 9.41

அக்கா, இந்தப் புதிரின் உயிர்நாடி எண்ணிக்கையில் இருக்கிறது. அறைக்குள் போய்க் கண்ணால் மட்டும் பார்த்தால் கிடைக்கும் பதில் இரண்டுதான், எரிகிறது அல்லது எரியவில்லை. நமக்குப் பிரிக்க வேண்டியதோ மூன்று. இரண்டு பெட்டிகளில் மூன்று பொருளைத் தனித்தனியாக வைக்க முடியாது. அதனால்தான் சூட்டைச் சேர்க்கிறோம். எரிந்தால் நடு. எரியாமல் சூடாக இருந்தால் இடது. எரியாமல் குளிர்ந்திருந்தால் வலது.

ஆனால் இதெல்லாம் குண்டு பல்புக் காலத்தோடு முடிந்த கதை. எல்.இ.டி. சூடாகாது. ஆகையால் உங்கள் பல்பில் இது நடக்கவே நடக்காது.

புதுவைக்காற்று | வெள்ளி, காலை 10.02

எதற்கு இவ்வளவு சிரமம்? கைபேசியில் வீடியோ அழைப்பு போட்டு, அதை மேலே பல்பைப் பார்த்தபடி வைத்துவிட்டு இறங்கி வாருங்கள். கீழே இன்னொரு கைபேசியில் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு சுவிட்சாகப் போடுங்கள். ஒரு முறைதான் ஏறினீர்கள். முடிந்தது.

அந்திமழை | வெள்ளி, காலை 10.15

நல்ல யோசனை, நன்றி. ஆனால் வீட்டில் இருப்பது ஒரே கைபேசி. அதோடு, மேலே விட்டுவந்த கைபேசியை எடுக்க மறுபடி ஏற வேண்டும் அல்லவா?

கணக்குநோட்டு | வெள்ளி, காலை 10.50

அந்த யோசனை வேலையை முடிக்கும், புதிரை மாற்றிவிடும். ஒரு முறை நுழைவது என்றால் ஒரு முறை பார்ப்பது என்றுதான் பொருள். கைபேசி மேலே இருந்தால் நாம் வெளியே நின்றுகொண்டு நூறு முறை பார்க்கிறோம்.

செவ்வாழை சொன்ன எண்ணிக்கை சரி. எல்.இ.டி. சூடாகாது என்றது சரியில்லை. அது உமிழும் ஒளியில்தான் வெப்பம் குறைவு, பல்பு சூடாகத்தான் செய்யும். 9 வாட்டில் பாதிக்கு மேல் உள்ளேயே வெப்பமாக மாறி, சில்லுகளின் பின்னால் இருக்கும் அலுமினியத்துக்கு இறங்குகிறது. அந்த அலுமினியம் இருப்பது பல்பின் கழுத்தில். வெள்ளைக் குமிழ் வெளிச்சத்தைப் பரப்பும் வெறும் பிளாஸ்டிக் மூடி. அந்திமழை அவர்களே, நீங்கள் தொட்டது குமிழையா, கழுத்தையா?

அந்திமழை | வெள்ளி, காலை 11.05

குமிழைத்தான் ஐயா. கழுத்தைத் தொட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

கம்பிக்காரர் | வெள்ளி, பகல் 12.20

22 வருடமாக வயரிங் வேலை பார்க்கிறேன். தொடுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அணைந்திருக்கும் பல்பில் கரண்ட் இல்லை என்று நம்பாதீர்கள். பழைய வீடுகளில் சுவிட்சை பேஸ் கம்பியில் வைக்காமல் நியூட்ரலில் வைத்திருப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்தால் சுவிட்சை அணைத்தபிறகும் ஹோல்டர் வரைக்கும் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும். பல்பின் பிளாஸ்டிக் கழுத்தை மட்டும் உலர்ந்த விரலால் தொடுங்கள். ஹோல்டரின் உலோகப் பகுதிக்குக் கை போகக் கூடாது. ஸ்டூல் மேல் ஏறித்தான் எட்ட முடியும் என்றால் இந்த வேலையே வேண்டாம்.

அந்திமழை | வெள்ளி, பகல் 12.31

சுவரில் என் தோள் உயரத்தில்தான் ஹோல்டர் இருக்கிறது அண்ணா. ஸ்டூல் தேவையில்லை.

முல்லைக்கொடி | வெள்ளி, மாலை 3.15

நியூட்ரலில் சுவிட்ச் என்றதும் எங்கள் வீடு நினைவுக்கு வந்தது. இரவில் எல்லாவற்றையும் அணைத்தபிறகும் கூடத்து எல்.இ.டி. பல்பு மின்மினிபோல் மங்கலாக ஒளிரும். மாமியார் பயந்துவிட்டார். இது அதுதானா?

கம்பிக்காரர் | வெள்ளி, மாலை 4.40

அதுவாக இருக்கலாம். சுவிட்சில் சிவப்பு இண்டிகேட்டர் விளக்கு இருந்தாலும் அப்படி ஒளிரும், அதன் வழியாகக் கசியும் துளி கரண்டே எல்.இ.டி.க்குப் போதும். குண்டு பல்பாக இருந்தால் கண்ணுக்கே தெரியாது. அந்திமழைக்கும் இது பயன்படும். அறை இருட்டாக இருப்பதால் மங்கல் ஒளி தெரிந்தால் அதை "அணைந்திருக்கிறது" என்றே கணக்கில் கொள்ளுங்கள்.

கணக்குநோட்டு | வெள்ளி, இரவு 8.30

மாலையில் வீட்டில் ஒரு 9 வாட் பல்பை எரியவிட்டு, கழுத்தில் வெப்பமானியை வைத்துக் கட்டி அளந்தேன். அறை 31 டிகிரி. 5 நிமிடத்தில் 50, 10 நிமிடத்தில் 57, 15 நிமிடத்தில் 59.5. அரைமணி கழித்து 61, அதற்குமேல் ஏறவில்லை. அணைத்தபோதும் ஏறக்குறைய இதே வேகத்தில் இறங்கியது. குமிழ் இத்தனை நேரமும் இளஞ்சூட்டைத் தாண்டவில்லை.

இதை வைத்து உங்கள் நேற்றைய முயற்சியைப் பார்க்கலாம். இடதுதான் சரியான சுவிட்ச் என்றால், 5 நிமிடத்தில் கழுத்து 19 டிகிரி ஏறியிருக்கும். நீங்கள் படியேறிய 2 நிமிடத்தில் கொஞ்சம் தணிந்து 13 டிகிரியாவது மிஞ்சியிருக்கும். கழுத்தைத் தொட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் விரல் தோலின் சூடு 33 டிகிரி அளவில் இருக்கும். மதிய வெயிலில் தகரக் கூரை அறை 38 டிகிரி என்றால், ஒரு வாரமாக எரியாத பல்பும் தொட்டால் இளஞ்சூடாகவே இருக்கும். "குளிர்ந்திருக்கிறது" என்ற பதிலே அந்த அறையில் அந்த நேரத்தில் கிடைக்காது. அதிகாலையிலோ இரவிலோ போங்கள். பல்பைத் தொட்ட கையோடு அதே அறையில் கிடக்கும் வேறொரு பிளாஸ்டிக் சாமானையும் தொட்டு ஒப்பிடுங்கள். இரும்புச் சாமான் வேண்டாம். ஒரே சூட்டில் இருந்தாலும் இரும்பு கைக்கு வேறு மாதிரி தெரியும்.

அந்திமழை | வெள்ளி, இரவு 9.05

அப்படியானால் நாளைக் காலை கழுத்தைத் தொட்டால் முடிந்துவிடும் என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன். இப்போது டார்ச் அடித்துப் போர்டை உற்றுப் பார்த்தால் மனம் சோர்ந்துவிட்டது. மூன்று சுவிட்சும் ஒரே கம்பெனி இல்லை. ஒன்றின் மேல் அச்சிட்ட எழுத்து தலைகீழாக இருக்கிறது. மற்ற இரண்டில் எழுத்தே தேய்ந்துபோய்விட்டது. எது மேலே இருந்தால் ஆன், எது கீழே இருந்தால் ஆன் என்று எதையும் நம்ப முடியவில்லை.

கம்பிக்காரர் | வெள்ளி, இரவு 9.30

சந்தேகப்படுவது சரிதான். நம் ஊரில் கீழே அழுத்தினால் ஆன் என்பது வழக்கம். பழுதுபார்க்கும்போது அவசரத்தில் தலைகீழாக மாட்டிவிடுவார்கள். வேறொன்றும் நடக்கும். மாடிப்படிக்குப் போடும் டூ-வே சுவிட்சுக்கு மூன்று முனை இருக்கும். கையில் சாதாரண சுவிட்ச் இல்லாதபோது அதையே மாட்டி இரண்டு முனையில் மட்டும் கம்பி கொடுப்பார்கள். முனை மாறிவிட்டால், சுவிட்ச் நேராக நின்றாலும் ஆன், ஆஃப் தலைகீழாகிவிடும். வெளியிலிருந்து பார்த்து எந்த வேலைக்காரனாலும் சொல்ல முடியாது.

செவ்வாழை | வெள்ளி, இரவு 10.10

அப்படியானால் கணக்கே மாறுகிறது. மூன்று சுவிட்ச், ஒவ்வொன்றுக்கும் இரண்டு திசை, ஆக ஆறு சாத்தியங்கள். பார்த்துத் தொட்டால் கிடைக்கும் பதில்கள் நான்கு: எரிந்து சூடாக, எரிந்து குளிர்ச்சியாக, அணைந்து சூடாக, அணைந்து குளிர்ச்சியாக. ஆறை நான்கில் அடைக்க முடியாது. முடியாது என்று நிரூபணமே ஆகிவிட்டது.

கணக்குநோட்டு | சனி, காலை 6.20

இரவெல்லாம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். செவ்வாழை, உங்கள் நிரூபணத்தில் ஒரு சொல்லை மட்டும் நான் ஏற்கவில்லை. சூடு, குளிர்ச்சி என்று இரண்டே நிலை என்று யார் சொன்னது? இடையில் வெதுவெதுப்பு இருக்கிறதே. குண்டு பல்பின் கண்ணாடி ஓரிரு நிமிடத்தில் கை வைக்க முடியாதபடி சுட்டுவிடும், இடைநிலையைப் பிடிப்பது கடினம். எல்.இ.டி.யின் கழுத்து மெதுவாக ஏறி மெதுவாக இறங்குகிறது. நேற்று இடைஞ்சலாகத் தெரிந்த அந்த மந்தம் இங்கே நமக்குக் கைகொடுக்கும்.

முதலில் அரைமணி நேரம் மூன்றையும் தொடாமல் விடுங்கள். பல்பு எரிந்துகொண்டிருந்தால் அதன் உச்சச் சூட்டில் இருக்கும், எரியாவிட்டால் அறைச் சூட்டில் இருக்கும். இரண்டில் எது என்று நமக்குத் தெரிய வேண்டியதில்லை. பிறகு நடுச் சுவிட்சை, அது எந்தப் பக்கம் இருந்தாலும் சரி, மறுபக்கம் தட்டுங்கள். மூன்றரை நிமிடம் பொறுங்கள். வலது சுவிட்சை மறுபக்கம் தட்டிவிட்டு உடனே ஏறுங்கள். இடதைத் தொடவே கூடாது.

ஏற 2 நிமிடம் என்று சொன்னீர்கள். ஆகவே நீங்கள் கழுத்தைத் தொடும்போது வலது தட்டி 2 நிமிடமும், நடு தட்டி ஐந்தரை நிமிடமும் ஆகியிருக்கும். என் அளவின்படி 2 நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்கு மாற்றம், ஐந்தரை நிமிடத்தில் மூன்றில் இரண்டு பங்கு மாற்றம் நடந்திருக்கும்.

பல்பு அணைந்திருந்தால்: இடது சுவிட்சுக்குரியது என்றால் அறைச் சூடு மட்டும். நடு என்றால் முன்பு எரிந்து ஐந்தரை நிமிடம் ஆறியது, அறையைவிட 10 டிகிரி கூடுதல். வலது என்றால் இரண்டே நிமிடம் ஆறியது, 20 டிகிரி கூடுதல்.

எரிந்துகொண்டிருந்தால் இதுவே தலைகீழ். இடது என்றால் வெகு நேரமாக எரிகிறது, 30 டிகிரி கூடுதல். நடு என்றால் 20. வலது என்றால் இப்போதுதான் ஏறத் தொடங்கியது, 10.

ஆறு சாத்தியங்களுக்கும் ஆறு தனிப் பதில்கள். எந்தச் சுவிட்ச் என்பதோடு, எந்தப் பக்கம் தட்டினால் எரியும் என்பதும் தெரிந்துவிடும்.

செவ்வாழை | சனி, காலை 7.02

ஐயா, இதை மூன்று முறை படித்தேன். ஒப்புக்கொள்கிறேன். தாளில் அழகாக இருக்கிறது. ஆனால் 10 டிகிரிக்கும் 20 டிகிரிக்கும் உள்ள வேறுபாட்டை விரல் சொல்லுமா? வெப்பமானி இல்லாமல் இது சூதாட்டம் ஆகிவிடாதா?

கணக்குநோட்டு | சனி, காலை 7.25

நியாயமான ஐயம். பழகாத விரல் சொல்லாது. அந்திமழை, கீழ் அறையில் அதே மாதிரி 9 வாட் பல்பு இருந்தால் முதலில் அதில் பழகிக்கொள்ளுங்கள். அரைமணி எரியவிட்டு அணையுங்கள். 2 நிமிடம் கழித்து ஒரு முறை, ஐந்தரை நிமிடம் கழித்து ஒரு முறை கழுத்தைத் தொடுங்கள். அந்த இரண்டு சூட்டையும் விரலுக்கு நினைவிருக்கும்படி இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். எரியவிட்டும் அதேபோல் பாருங்கள்.

அந்திமழை | ஞாயிறு, காலை 7.50

செய்துவிட்டேன். விவரமாக எழுதுகிறேன்.

நேற்று மாலை முழுவதும் கூடத்துப் பல்பில் பழகினேன். அணைத்து 2 நிமிடம் கழித்துத் தொட்டால், மூன்று எண்ணுவதற்குள் விரலை எடுக்க வேண்டும்போல் இருக்கிறது. ஐந்தரை நிமிடத்தில் தொட்டால் விரலை வைத்துக்கொண்டே இருக்கலாம், ஆறிய தேநீர் டம்ளரைப் பிடித்ததுபோல் இதமாக இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வழியில்லை. எனக்கே வியப்பாக இருந்தது.

இன்று காலை ஐந்தே முக்காலுக்கு நடுச் சுவிட்சைத் தட்டினேன், அது கீழேயிருந்து மேலே போனது. இரவெல்லாம் யாரும் போர்டைத் தொடவில்லை. சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்து மூன்றரை நிமிடம் நின்றேன். வலதைத் தட்டிவிட்டு ஏறினேன். கதவைத் திறந்தால் இருட்டு. மங்கல் ஒளியும் இல்லை. கழுத்தில் விரலை வைத்தேன். அந்த ஆறிய டம்ளர் சூடு! பக்கத்தில் பிளாஸ்டிக் வாளி ஒன்று கிடந்தது. அது குளிர்ச்சியாக இருந்தது. மறுபடி கழுத்தைத் தொட்டேன், வேறுபாடு தெளிவாகவே தெரிந்தது.

அணைந்து, வெதுவெதுப்பாக. அப்படியென்றால் நடுச் சுவிட்ச். கீழே தட்டினால் எரியும்.

இறங்கும்போதுதான் ஒன்று உறைத்தது. நடு சுவிட்ச் கீழே இருந்தது என்றால், அந்த மூடிய அறையில் பல்பு இரவெல்லாம் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. வியாழக்கிழமை என் முயற்சியில் நடுவை மேலேயிருந்து கீழே தட்டியதும் நான்தான். அன்று இறங்கி வந்தபிறகு அதை மறுபடி மேலே தட்டினேனா என்று நினைவில்லை.

கம்பிக்காரர் | ஞாயிறு, காலை 8.35

ஒரு நிமிடம். முதல் நாள் மேலே போனபோது நடுச் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போனதாகவும் பல்பு எரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். போட்டது என்றால் கீழே தட்டியதுதானே? நடுதான் சரியான சுவிட்ச், கீழேதான் ஆன் என்றால் அன்றைக்கே எரிந்திருக்க வேண்டும்.

செவ்வாழை | ஞாயிறு, காலை 8.50

ஆமாம்! இரண்டு முடிவும் ஒன்றையொன்று வெட்டுகின்றன.

அந்திமழை | ஞாயிறு, காலை 9.20

படித்ததும் கை நடுங்கிவிட்டது. போர்டின் முன்னால் நின்று வியாழக்கிழமை செய்ததை மறுபடி நடித்துப் பார்த்தேன். தலைகீழ் எழுத்து உள்ளது நடுச் சுவிட்சில்தான். அன்று அந்த எழுத்தின் பக்கத்தில் உள்ள சிறு கோட்டைப் பார்த்து அதுதான் ஆன் என்று மேலே தட்டினேனோ? மேலேயிருந்து கீழே என்று காலையில் எழுதியது நினைவிலிருந்து எழுதியது, பார்த்து எழுதியதில்லை. இன்று காலை கீழேயிருந்து மேலே போனது மட்டும் கண்ணால் பார்த்தது, அதில் ஐயமில்லை.

கணக்குநோட்டு | ஞாயிறு, காலை 10.05

இன்றைய சோதனையில் சுவிட்ச் எந்தப் பக்கம் ஆன் என்ற அனுமானம் எதுவும் இல்லை. வியாழக்கிழமைச் சோதனையில் இருக்கிறது. ஆகவே இரண்டில் ஒன்றை நம்ப வேண்டும் என்றால் நான் இன்றையதையே நம்புவேன். கம்பிக்காரர் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. நடுச் சுவிட்சின் உள்ளே தொடுப்பு தளர்ந்து, ஒரு முறை பிடித்து ஒரு முறை பிடிக்காமல் போனாலும் இப்படி நேரலாம் அல்லவா?

கம்பிக்காரர் | ஞாயிறு, காலை 10.40

நேரலாம். பழைய சுவிட்சில் உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு கருகிப்போனால் அப்படித்தான் செய்யும். தட்டும்போது "டக்" என்ற சத்தம் மற்ற இரண்டைவிட மந்தமாக இருக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள். சரசரவென்று பொரிகிற ஓசை வந்தால் மெயினை அணைத்துவிட்டு யாரையாவது அழையுங்கள்.

அந்திமழை | ஞாயிறு, பகல் 11.15

சத்தம் மூன்றிலும் ஒன்றுபோலத்தான் கேட்கிறது, பொரியும் ஓசை இல்லை. மாலையில் தம்பி வருகிறான். அவன் மேலே நிற்பான், நான் கீழே நடுச் சுவிட்சை இருபது முறை தட்டப்போகிறேன். எத்தனை முறை எரிந்தது என்று எண்ணி இங்கேயே எழுதுகிறேன்.